மகன் அறையில் ஓடும் கணினி

நெட் மெதுவாகிறதென்று குடியிருப்போர் கூட்டத்தில் ஆளாளுக்குக் கத்தினார்கள். என் கணவர் தொண்டை கிழியக் கத்தினார். டெக்னீஷியன் பொறுமையாகச் சொன்னார்.

"கட்டிடத்துக்கே ஒரே ஃபைபர்தாங்க. கீழே அதைப் பிரிச்சுதான் எல்லா வீட்டுக்கும் குடுக்குறோம். சாயங்காலம் எல்லாரும் சேர்ந்து இழுத்தா ஆளுக்குக் கொஞ்சம்தான் கிடைக்கும். பெரிய டவுன்லோடை காலையில வச்சுக்குங்க. சும்மா ஓடுற மெஷினை நிறுத்திடுங்க. ஒரு வீட்லேருந்து ராப்பகலா ஃபைல் போய்ட்டே இருக்கு. யாருன்னு சொல்ல மாட்டேன்."

"எந்தப் புண்ணியவான் அது?" என்று எகிறினார் என் கணவர்.

எனக்குச் சுருக்கென்றது. "நாமதாங்க. நம்ம பையனோட கம்ப்யூட்டர். அவன் எடுத்த வீடியோவையெல்லாம் யார் யாருக்கோ தானாவே அனுப்பிட்டே இருக்கும். அவன் தவறினதுலேருந்து நான் அணைக்கவே இல்ல."

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அந்தக் கணினியின் விசிறி இரைவதைக் கேட்டால்தான் எனக்குத் தூக்கமே வரும். வீட்டுக்கு வந்ததும் அவர் அணைக்கக் கை நீட்டினார், முடியாமல் அழுதார். நான்தான் அணைத்தேன்.

மறுநாள், கூட்டத்துக்கு வராத எதிர்வீட்டுப் பெண் கதவைத் தட்டினாள்.

"அக்கா, நெட் இப்ப பறக்குது!"

"பறக்கட்டும்மா," என்று கதவைச் சாத்தினேன். உள்ளே ஒரு சத்தமும் இல்லை.