ஒரு கெண்டித் தண்ணீர்

ஸ்பாக்ஸ் துறைமுக நகர மருத்துவமனையின் இதய வார்டில் நான் நர்ஸ். மாரடைப்பு வந்த நான்காம் நாள், மீன்படகுக்காரர் லசாத், கட்டிலருகே வைத்திருந்த கமோடு நாற்காலியை விட்டுவிட்டு, கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். முக்கல் சத்தம் வெளியே கேட்டது.

"அண்ணே, மூச்சைப் பிடிச்சு முக்காதீங்க!"

"முப்பது வருஷம் நங்கூரம் இழுத்தவன்டா நான். போ!"

பிறகு சத்தமே இல்லை. கதவைத் தள்ளினேன். முகம் வெளுத்து, வியர்த்து, சுவரில் மயங்கிச் சாய்ந்திருந்தார். படுக்கவைத்துக் காலை உயர்த்தியதும் கண் திறந்தார்.

"முக்குறப்போ இதயத்துக்குத் திரும்புற ரத்தம் குறையுது. மூச்சை விட்டதும் பிரஷர் எகிறுது. அடிபட்ட இதயம் தாங்குமா? மலம் இளக மருந்து குடுத்தேனே?"

"பூந்தொட்டியில ஊத்திட்டேன்," என்றார் மெதுவாக. "குடிச்சா அவசரமா வரும், கழிப்பறை வரைக்கும் நடக்க முடியாம அந்த நாற்காலியிலதான் போகணும். அங்க வெறும் காகிதம். தண்ணியில கழுவாம எப்படிடா தொழுவேன்?"

தண்ணீர் வேண்டுமா என்று நான் ஒருநாளும் அவரிடம் கேட்டதில்லை. வெட்கத்தோடு போய், கெண்டியில் வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுவந்து நாற்காலியருகே வைத்தேன். சுற்றித் திரையும் இழுத்துவிட்டேன். அவர் மருந்தைக் குடித்தார்.

மறுநாள் காலை அந்த நாற்காலியிலேயே, முக்காமலே மலம் போயிற்று. கட்டிலில் உட்கார்ந்தபடியே தொழுது முடித்து, என்னைக் கூப்பிட்டார்.

"பக்கத்துக் கட்டில்காரனுக்கும் ஒரு கெண்டி வைப்பா. அவனும் அந்தப் பூந்தொட்டிக்குத்தான் மருந்து குடுக்கிறான்."