ரெண்டு வளையம்

என் அப்பா பச்சமுத்து முப்பத்தொரு வருஷம் அரசாங்க பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருக்குத் தெரியாத வண்டி உலகத்தில் இல்லை. கப்பலே வந்து எங்கள் பெரியார் நகரில் நின்றாலும், பானட்டைத் திற என்பார்.

அவருக்குத் தெரியாத ஒரே விஷயம், பெண்பிள்ளை கார் ஓட்டினாலும் அது ஓடும் என்பது.

அந்தக் காரை என் சம்பளத்தில்தான் வாங்கினேன். 2007 சித்திரையில், மங்கலம்பேட்டையில் துபாய்க்காரர் ஒருவர் வீட்டில் சும்மா நின்ற பழைய சின்ன கார். விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில், ஃபியூஸ் கட்டை செய்கிற ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. பேக்கிங் ஷெட்டில் கட்டைகளுக்கு வைக்கோல் சுற்றிக்கொண்டிருந்த என்னை, ஊர் ஊராகப் போய்க் கடைக்காரர்களிடம் ஆர்டர் பிடிக்கிற வேலைக்கு மாற்றினார்கள். சொந்த வண்டி இருப்பவர்களுக்குத்தான் அந்த வேலை. வண்டி இல்லை என்றால் மறுநாளே வைக்கோல்தான்.

அப்பாவோ டிப்போ எதிரில் இருக்கிற டீக்கடையில், தன் பழைய டிரைவர் கூட்டத்தின் முன்னால் வாக்குக் கொடுத்துவிட்டார். "ஒரே ஒரு தடவ ரோட்டுல நிக்கட்டும், அன்னிக்கே சாவியப் புடுங்கி பிரபாகரன்கிட்ட குடுத்துடறேன்." பிரபாகரன் என் தம்பி. சென்னையில் இருக்கிறான். அவனுக்கு ரிவர்ஸ் எடுக்கத் தெரியாது. ஆனால் ஆம்பளையாச்சே!

நின்றுவிட்டது. வாங்கி ஒரு மாசம்கூட ஆகவில்லை.

மங்கலம்பேட்டைக்குப் போகிற வழியில், காலை பத்தரை மணிக்கு, மீட்டர் கண்ணாடியில் இருந்த குங்குமப் பொட்டு திடீரென்று பளிச்சென்று ஆனது. முந்தின நாள் அப்பா தன் கையாலேயே வண்டிக்கு ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, தன் கையாலேயே பூசையும் போட்டு, வாங்கின அன்றைக்கு வைத்த பொட்டின் மேலேயே மறுபடி விரல் அகலத்துக்குச் சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தார். பொட்டைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வெளிச்சம் தெரிந்தது. இடது பக்கம் ஒதுக்கி நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு அப்பாவுக்குப் போன் போட்டேன். வேறு யாருக்குப் போடுவது, மெக்கானிக் கொளஞ்சி அண்ணன் எடுக்கவில்லையே!

"அப்பா, மீட்டர்ல செவப்பா என்னமோ எரியுதுப்பா."

"அது குங்குமம்டி."

"குங்குமம் எரியுமாப்பா?"

"வெயிலு பட்டா அப்படித்தான் தெரியும். தொடச்சிட்டுப் பாரு."

எச்சில் தொட்டுத் துடைத்தேன். இன்ஜினை அணைத்தாலும், மீட்டரைப் பார்க்கச் சாவியை மறுபடி பாதி திருப்பி வைத்திருந்தேன். பொட்டு போனது, வெளிச்சம் போகவில்லை.

"விளக்கு மாதிரி படம்ப்பா. காமாட்சி விளக்கு. மூக்குல ஒரு சொட்டு நிக்குது."

மறுமுனையில் டீக்கடைப் பெஞ்சு நகர்கிற சத்தம் கேட்டது. அப்பா எழுந்துவிட்டார். "விளக்கு இல்ல அது, ஆயில் கேன். இன்ஜின் ஓடுதா?"

"அப்பவே நிறுத்திட்டேன்."

"திரும்ப ஸ்டார்ட் பண்ணிடாத. சாவிய ஆஃப் பண்ணிக் கையில எடுத்துக்க. கைப்பிரேக்கு போட்டியா? நாலு பக்க விளக்கையும் மினுக்க விடு. வேப்பங்கிளை ஒண்ணு ஒடிச்சு இருவது அடி பின்னால ரோட்டுல போடு." உடனே டீக்கடைக் கூட்டத்தின் பக்கம் திரும்பி, எனக்கும் கேட்கிற மாதிரி, "எம்பொண்ணு நின்னுட்டா! சொன்னனா இல்லியா? பொம்பள ஓட்டுனா இன்ஜின் எம்மா நேரம் தாங்கும்?" என்றார்.

"தாங்காது, தாங்காது" என்று யாரோ ஒத்து ஊதினார். ராஜாங்கம் மாமா குரல். அவரும் பழைய டிரைவர்தான், பஸ்ஸை ரயில்வே கேட்டில் முட்டியவர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் கிளையை ஒடித்துப் போட்டேன். அப்பா சொன்னது சரி. அதுதான் எரிச்சலே.

"ஆயில் கம்மியா இருந்தா எரியுமாப்பா இது?"

"கம்மின்னு காட்டுற விளக்கு இல்ல. உள்ள ஒரு பம்பு இருக்குது. அது ஆயில அழுத்தி எல்லா இடத்துக்கும் அனுப்பணும். அழுத்தம் இல்லன்னாதான் இது எரியும். எரிஞ்ச பின்னால ஓட்டுனா இரும்போட இரும்பு ஒரசி, ரெண்டு கிலோமீட்டர்ல இன்ஜின் இறுகிக் கட்டிக்கும். தெனம் சாவியத் திருப்புனதும் ஒரு நொடி எரிஞ்சு, ஸ்டார்ட் ஆனதும் அணையும். நீ பாத்ததில்ல?"

"பொட்டுக்குக் கீழ இருந்துச்சேப்பா."

பொட்டு வைத்தவர் பேச்சை மாற்றினார். "அஞ்சு நிமிஷம் சும்மா நில்லு. மேல இருக்கிற ஆயில் கீழ எறங்கட்டும்" என்றார்.

அஞ்சு நிமிஷமும் போனை வைக்காமல், 1983-இல் பண்ருட்டி மலட்டாற்றில் பஸ்ஸை எப்படி இறக்கினார் என்று கடைக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் கேட்டுத் தொலைத்தேன். ஏழாவது தடவை.

பிறகு பானட்டைத் திறக்கச் சொன்னார். மஞ்சள் வளையம் போட்ட ஒரு குச்சி இருக்கும், உருவு என்றார். உருவினேன். துணியால் சுத்தமாகத் துடை, முழுசாக உள்ளே விடு, மறுபடி உருவு. முதல் தடவை உருவினதை நம்பாதே, குழாய்ச் சுவரில் பட்டது ஒட்டிக்கொண்டு வரும் என்றார். இரண்டாம் தடவை குச்சியின் நுனியில் இரண்டு கோடுகள் இருந்தன. இரண்டுக்கும் நடுவில் ஆயில் நிற்கவேண்டுமாம்.

"எங்க நிக்குது?"

"எங்கயும் நிக்கலப்பா. நுனிகூடக் காஞ்சிருக்குது."

"நேத்து மூணு லிட்டர் ஊத்துனேனேடி!" அப்பா குரல் மாறியது. "ரோட்டப் பாரு. வந்த வழியில கோடு இருக்கா?"

இருந்தது. கறுப்பாக இல்லை, புது ஆயில் ஆச்சே, தேன் நிறத்தில் கோடு போட்டு வந்து என் வண்டி வயிற்றுக்கடியில் குளமாக நின்றது.

"சரி. குனிஞ்சு பாரு. பக்கத்துல சைலன்சர் குழாய் இருக்குது, கைய வச்சிடாத, தோலு வந்துடும். டம்ளர் சைசுல டப்பா ஒண்ணு திருகி இருக்கும். அதான் ஆயில் ஃபில்டர். அது நனஞ்சிருக்கா, இல்ல அதுக்கும் கீழ போல்ட் பக்கம் நனஞ்சிருக்கா?"

புடவையைச் செருகிக்கொண்டு தரையில் மண்டி போட்டேன். பஸ்ஸில் போனவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும்.

"ஃபில்டர்தான்ப்பா. மேல்பக்கமா வடியுது. சுத்தியும் கறுப்பு ரப்பர் ஒண்ணு நாக்கு மாதிரி வெளிய பிதுங்கியிருக்குது."

"ஒண்ணா, ரெண்டா?"

அந்தக் கேள்வி கேட்ட விதமே சரியில்லை. முப்பத்தொரு வருஷம் ஹாரன் அடித்த தொண்டை, கோவிலில் பேசுகிற மாதிரி இறங்கிவிட்டது.

"ரெண்டு. ஒண்ணு மேல ஒண்ணு."

மறுமுனையில் காகிதம் சரசரக்கிற சத்தம் கேட்டது.

"அப்பா?"

"ம். ஒண்ணுமில்ல. ரோட்டுல கல்லு ஏதாச்சும் அடிச்சிருக்கும். டிக்கியில மிச்சம் ஒரு லிட்டர் ஆயில் வச்சிருக்கேன் பாரு. அத ஊத்திட்டு மொள்ளமா வூட்டுக்கு வந்துடு. கொளஞ்சிக்கெல்லாம் போன் பண்ணாத."

சற்று முன்னால் ஸ்டார்ட்டே பண்ணாதே என்ற மனுஷன்! இரும்போடு இரும்பு உரசும் என்ற மனுஷன்!

"ஊத்துற ஆயில் எந்த வழியா போகும்ப்பா? இதே வழியாதானே?"

"கொஞ்ச தூரம்தானடி."

"ஆறு கிலோமீட்டர். ரெண்டுலயே கட்டிக்கும்னு சொன்னீங்க. எதுக்கு ஒண்ணா ரெண்டான்னு கேட்டீங்க?"

"டவர் இல்ல பாப்பா, கேக்கல…"

"நல்லாவே கேக்குது. கழட்டுன பழைய ஃபில்டர் எங்க?"

எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும். காலையில் அதைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டுதான் கடைக்குப் போனார். துபாய்க்காரர் எவ்வளவு கேவலமாக வண்டி வைத்திருந்தார், தான் எப்படி அதைக் காப்பாற்றினார் என்று காட்டுவதற்கு. இந்நேரம் வடைத் தட்டுக்குப் பக்கத்தில் கண்காட்சியாக உட்கார்ந்திருக்கும்.

"போனை சாமிக்கண்ணு மாமாகிட்ட குடுங்க."

"அவன் எதுக்கு?"

"குடுங்கப்பா!"

சாமிக்கண்ணு மாமா டிரைவர் இல்லை, டிப்போ ஃபிட்டர். அந்தக் கூட்டத்தில் கை நிறைய கிரீஸ் படிந்த ஒரே ஆள். அதனாலேயே அவர் அதிகம் பேசமாட்டார்.

"மாமா, அந்தப் பழைய ஃபில்டர் வாய்ல ரப்பர் வளையம் இருக்கா பாருங்க."

காகிதம் சரசரத்தது. "இல்லம்மா. வெறும் பள்ளந்தான் இருக்குது." அடுத்த நொடியே அவருக்கு விளங்கிவிட்டது. "அடப்பாவி பச்சமுத்து! பழைய வளையம் இன்ஜின்லயே ஒட்டிக்கிட்டு நின்னிருக்குது. அதப் பிரிக்காம, புது வளையத்தோட புது ஃபில்டர அது மேலயே திருகிட்டியா? ரெண்டு வளையம் ஒண்ணு மேல ஒண்ணு வழுக்குமே! ஸ்பீடு புடிச்சதும் அழுத்தம் தாங்காம பிதுங்கி மொத்த ஆயிலயும் கக்கிடுமே! முப்பது வருஷம் பானட்டத் தொறந்திருக்கியாடா நீ? புகார் நோட்டுல 'சத்தம் வருது'ன்னு எழுதிப் போட்டுட்டு டீ குடிக்க வந்தவன்தான நீ? கழட்டுனது பூரா நானு!"

கடையே சிரித்தது. ராஜாங்கம் மாமாதான் பெரிய சத்தம்.

இப்படியும் ஒரு மனுஷன் இருப்பாரா! வண்டிக்கு என்ன நோவு என்று அச்சுப் பிசகாமல் சொன்னார். அவர் சொன்ன ஒவ்வொரு படியும் சரி. அந்தப் படிகளில் இறங்கி இறங்கி நான் போய்ச் சேர்ந்த இடத்தில் அவரே உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருப்பது தெரிந்ததும், தன் மானத்தைக் காப்பாற்ற என் இன்ஜினைக் கொளுத்தப் பார்த்தார். எனக்குக் கோபத்தில் கண்ணீரே வந்துவிட்டது.

போன் மறுபடி அப்பா கைக்கு வந்தது. "பாப்பா…"

"நான் ஊத்திட்டு வந்திருந்தா இன்ஜின் போயிருக்கும். என் வேலையும் போயிருக்கும். அப்புறம் சாவியத் தம்பிகிட்ட குடுத்துட்டு, பொம்பள ஓட்டுனான்னு ஊர் பூரா சொல்லியிருப்பீங்க. சொல்லியிருப்பீங்களா இல்லியா?"

"பாப்பா, அது வந்து…"

"எதுவா இருந்தாலும் எனக்கு மட்டும் சொல்லாதீங்க. கடையில சொன்னத கடையிலயே மாத்திச் சொல்லுங்க. சத்தமா."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். ஒரு லாரி என்னைக் கடந்து போனது. அதன் இரைச்சல் அடங்கும் வரை காத்திருந்தேன், ஒரு எழுத்துகூட விடக்கூடாது என்று.

"வண்டி நின்னது என்னாலதான்யா" என்றார் அப்பா. "சாவி அவகிட்டயேதான் இருக்கும்."

"கேக்கலியே!" என்றார் யாரோ.

"எம்பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல, நான்தான் தப்பா மாட்டுனேன்! போதுமாடா?" இந்தத் தடவை டிப்போ வாசல் வரை கேட்டிருக்கும். சிரிப்பு பெரிசாக எழும் என்று நினைத்தேன். ஏனோ எழவில்லை.

அவர் வெளியே வந்துவிட்டார் போல, பஸ் ஸ்டாண்டு இரைச்சல் கேட்டது.

"சாமிக்கண்ணுவையும் கூட்டிக்கிட்டு, ஆயிலும் ஃபில்டரும் வாங்கிட்டு அடுத்த பஸ்ல வரேன். நிழல்ல நில்லு." கொஞ்சம் நிறுத்தினார். "விளக்கு எரிஞ்சதும் எம்மா தூரம் ஓட்டுன?"

"ஓட்டலப்பா. பாத்ததும் நிறுத்திட்டேன்."

"நான் நிறுத்தியிருக்க மாட்டேன்டி" என்றார். "என் சர்வீசுல மூணு தடவ எரிஞ்சிருக்குது. டயத்துக்குப் போவணும்னு மூணு தடவயும் ஓட்டிக்கிட்டே போனேன். மூணு இன்ஜினும் போச்சு."

திட்டுவதற்கு என்னிடம் இன்னும் நிறைய பாக்கி இருந்தது.

"பாத்து பஸ் ஏறுங்கப்பா" என்றேன்.