பிடிக்காத சட்டைகள்

கணவனின் புது வேலைக்காகக் கோலாலம்பூரில் பார்த்திருந்த வாடகை வீட்டில் இருவருக்கும் சேர்த்து ஓர் அலமாரிதான். இப்போதிருக்கும் ஜொகூர் பாரு பெர்மாஸ் ஜெயா வீட்டிலோ இரண்டு அலமாரி நிறையத் துணி. சனிக்கிழமை காலை ஷாமளா எல்லாவற்றையும் இழுத்துக் கட்டிலில் போட்டாள். வைத்துக்கொள்வது ஒரு பக்கம், தையல்காரரிடம் கொடுப்பது ஒரு பக்கம், தானத்துக்குப் போவது வாசல் ஓரம்.

கணவன் ரூபேந்திரன் காற்சட்டைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தான். சாம்பல் நிறக் காற்சட்டையில் இடுப்புப் பொத்தான் எட்டவில்லை. ஷாமளா அதைத் திருப்பிப் பின்தையலைப் பார்த்தாள். உள்ளே கூடுதல் துணி விட்டிருந்தது.

"பிரிச்சுத் தைக்கலாம்."

கறுப்பில் அப்படி எதுவும் விட்டிருக்கவில்லை. வாசலுக்குப் போனது.

சட்டைகளுக்கு வந்ததும் அவன் பூ அச்சிட்ட ஒரு மஞ்சள் பாத்தேக் சட்டையைப் போட்டுப் பார்க்காமலே தானத்தில் வைத்தான்.

"அது சரியாத்தானே இருக்கு? போன தீபாவளிக்கு நான் வாங்கினது."

"சைஸ் சரிதான்." தயங்கினான். "எனக்குப் புடிக்கல லா."

"எப்பலேர்ந்து?"

"வாங்கின அன்னிக்கே."

"வேற எது புடிக்கல?"

அவன் எடுத்து வைக்க வைக்க வாசல் குவியல் உயர்ந்தது. எல்லாம் அவள் வாங்கியவை. விடியுமுன் சிங்கப்பூர் வேலைக்குப் பாலம் தாண்டிப் போய், இருட்டியபின் திரும்புகிறவனுக்குக் கடைக்குப் போக ஏது நேரம் என்று அவளே பார்த்துப் பார்த்து வாங்கினாள்.

"ஏன் சொல்லல?"

"நீ ஆசையா நீட்டுவ. எப்படிச் சொல்றது?"

ஷாமளா சமையலறைக்குப் போய், கழுவிய கோப்பைகளையே மறுபடி கழுவினாள். திரும்பி வந்து தன் புடவைகளிலிருந்து ஒரு கிளிப்பச்சையை உருவினாள்.

"இது நீங்க வாங்கினது. பக்கத்து வீட்டுக் கஸ்தூரி கல்யாணத்துக்குக் கட்டினேன். முகம் வெளிறியிருக்கே, காய்ச்சலான்னு நாலு பேரு கேட்டாங்க."

"அலமாக்! நல்லா இருக்குன்னு சொன்னியே?"

"நீங்களும்தான் சொன்னீங்க, மஞ்சள் சட்டைய."

அவன்தான் முதலில் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வர இன்னும் சற்று நேரமானது.

கழுத்துப்பட்டை நைந்தவற்றை யாருக்கும் கொடுக்க முடியாது. துடைக்கும் துணிக்காக வெட்டினார்கள். நல்லவற்றைத் துவைத்து மடித்துப் பைகளில் போட்டு, பழந்துணி சேகரிக்கும் நிலையத்தில் சேர்த்தார்கள். காற்சட்டையைப் பேரங்காடித் தையல்கடையில் கொடுத்தபின், அவள் அவனை எதிரே இருந்த துணிக்கடைக்குள் தள்ளினாள்.

"புது ஆபீசுக்கு நீங்களே எடுங்க."

சட்டை வரிசைமுன் வெகுநேரம் நின்றவன் மெல்லக் கேட்டான்: "என் சைஸ் என்ன?"

அவளுக்குத் தெரியும். ஆனாலும் அவன் கழுத்துப்பட்டையை மடக்கிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள். "பதினாறு."

அவன் ஒரு வெளிர்நீலச் சட்டையை எடுத்து நெஞ்சோடு பிடித்தான். "எப்படி?"

"ஸ்கூல் பையன் மாதிரி இருக்கு."

"எனக்குப் புடிச்சிருக்கு."

"அப்ப எடுங்க" என்றாள் ஷாமளா.