அனுப்ப எதுவும் இல்லை

2008ஆம் ஆண்டு கண்டியில் ஒரு தனியார் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் கணினி ஆளாக இருந்தேன். "கணினிப் பிரிவுப் பொறுப்பாளர் சி. வரதராசா" என்று கதவில் பலகை. பிரிவில் நான் ஒருவன்தான். பலகையை அடித்ததும் நான்தான்.

அங்கே நான் செய்த பெரிய காரியம் குறுஞ்செய்தித் திட்டம். மடுல்கெல்ல, தெல்தெனிய மாதிரியான இடங்களில் எங்கள் கிளைகளில் பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்தவர்கள் முடிவுக்காக வீணாகக் கண்டிக்கு பஸ் ஏறி வரவேண்டியதில்லை. ஆய்வுகூடத்தில் ஸக்கியா மிஸ் முடிவைப் பதிந்ததும் அது தரவுத்தளத்தில் ஒரு வரிசையில் சேரும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு நிரல் தானாக எழும்பி, வரிசையில் காத்திருப்பவர்களுக்கு எல்லாம் செய்தி அனுப்பிவிட்டுப் படுத்துவிடும். அவசரமானவை முதலில் போகும். கடைசியாக என்ன நடந்தது என்பதை வரவேற்பு மேசைத் திரையில் ஒரு வரியாகக் காட்டும். "செய்தி வராமல் யாரும் வரவேண்டாம்" என்று மூன்று மொழிகளில் நானே அச்சடித்து ஒட்டியிருந்தேன்.

ஒரு வியாழக்கிழமை காலை செய்தியின் வாசகத்தைத் திருத்தினேன். உண்மையான நோயாளிகளிடம் சோதிக்கக்கூடாது என்பதற்காகச் சோதனைத் தரவுத்தளம் ஒன்று வைத்திருந்தேன். அதில் பன்னிரண்டு பொய் நோயாளிகள். பன்னிரண்டு பேருக்கும் என் தொலைபேசி எண். நிரல் எந்தத் தரவுத்தளத்தைப் பார்க்கவேண்டும் என்பதை ஒரு மாறி சொல்லும். அது தானாக ஓடும்போதும் சரியாக வருகிறதா பார்க்கலாமென்று, நிரலை எழுப்பும் நேர அட்டவணைக் கோப்பின் உச்சியில் அந்த மாறியைச் சோதனைத் தரவுத்தளத்துக்குத் திருப்பி ஒரு வரி எழுதினேன். பன்னிரண்டு செய்திகளும் அழகாக வந்தன. சாப்பிட்டுவிட்டு வந்து வரியை எடுக்கலாமென்று கட்டுகஸ்தோட்டையில் இருந்த என் அறைக்குப் புறப்பட்டேன்.

யுத்த காலம். பாலத்தடியில் இராணுவத்தினர் பஸ்ஸை மறித்தார்கள். எல்லோரும் இறங்கினோம். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறை என்று கண்டதும் சிப்பாய் என் தொலைபேசியை வாங்கிப் பார்த்தான். செய்திகள் ஆங்கிலத்தில் இருந்தன. "சாம்பிள் 1 ரெடி. இன்றே எடுக்கவும்." அடுத்தது "சாம்பிள் 2 ரெடி." அப்படியே பன்னிரண்டு வரை.

என்ன ரெடி என்று சிங்களத்தில் கேட்டான். எனக்கு வந்த பயத்தில் தெரிந்த சிங்களமும் ஓடிப்போய், ஒரே ஒரு சொல்தான் வாயில் மிஞ்சியது.

"லே," என்றேன். இரத்தம்.

பன்னிரண்டு பேருடைய இரத்தம் தயாராக இருக்கிறது என்று ஒரு யாழ்ப்பாணத்தான் பாலத்தில் நின்று சொன்னால் என்ன நடக்கும்? நான்கு மணி நேரம் பொலிஸில் இருந்தேன். ஆய்வுகூட டாக்டர் நேரில் வந்து விளக்கிய பிறகுதான் விட்டார்கள். அறைக்குப் போய் முதல் வேலையாகப் பன்னிரண்டு செய்திகளையும் தொலைபேசியிலிருந்து அழித்தேன். அழிக்கவேண்டிய ஒரு வரி கண்டியில் இருந்தது. அதை நினைக்கவேயில்லை.

வெள்ளிக்கிழமை திரையில் "காத்திருப்பவை: 0. அனுப்ப எதுவும் இல்லை" என்று இருந்தது. முன்பெல்லாம் மத்தியானத்தில் பத்துப் பதினைந்து நிற்கும். என் திருத்தத்தால் வேகம் கூடிவிட்டது என்று முடிவு செய்து, டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டவும் காட்டினேன். சனிக்கிழமை தெல்தெனிய கிளையிலிருந்து, ஒருவருக்கும் செய்தி வரவில்லை என்று தொலைபேசி எடுத்தார்கள்.

"அது சிக்னல் பிரச்சினை. பாதுகாப்புக்காகக் கட் பண்ணியிருப்பினம். எங்கட பக்கம் எல்லாம் போயிட்டுது," என்றேன்.

அந்த நாட்களில் எந்தப் பிழையையும் யுத்தத்தின் தலையில் போடலாம். யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு மடுல்கெல்லவிலிருந்து பாலம்மா வந்தார். தேயிலைக் கொழுந்து பறிப்பவர். வேலைக்குப் போகாததால் அன்றைய பேர் போட்டிருக்கமாட்டார்கள், நாள் கூலி போயிற்று. கர்ப்பிணியான மகள் சந்திரிகாவுக்கு ஏழு மாதம். வியாழக்கிழமை இரத்தம் கொடுத்திருந்தாள்.

"செய்தி வந்தா வாங்கன்னு எழுதி ஒட்டியிருக்கீங்க. வரலீங்க. ஆனா புள்ளைக்கு மூச்சு வாங்குது. திட்டுனாலும் பரவால்லன்னு வந்துட்டேன்," என்றார்.

நான் திரையைப் பெருமையோடு அவர் பக்கம் திருப்பினேன். "பாருங்கோ அம்மா, அனுப்ப ஒண்டும் இல்லை. முடிவு இன்னும் வரயில்லை எண்டு அர்த்தம்."

பின்னால் ஸக்கியா மிஸ் நின்றிருந்தார். "சந்திரிகாவா? வெள்ளிக்கிழமை காலையிலேயே அவசரம்னு போட்டேனே. ஹீமோகுளோபின் ஆறுதான்."

"அப்ப போயிருக்கும் மிஸ். திரையில சைபர்."

"வரதன், இன்னைக்குக் காலையில மட்டும் நான் முப்பது பேருக்குப் பதிஞ்சிருக்கேன். எட்டரையிலேர்ந்து உங்க திரையைப் பாக்கிறேன். ஒரு தடவையாவது ஒண்ணு, ரெண்டுன்னு காட்டணுமா இல்லையா? எப்பவும் வெறுமையா இருக்கிற வரிசை என்ன வரிசை?"

மூன்று நாளாக நான் கேட்டிருக்கவேண்டிய கேள்வி. உள்ளே போய் உண்மையான தரவுத்தளத்தைத் திறந்தேன். நூற்று அறுபத்து மூன்று பேர் காத்திருந்தார்கள். முதலாவது பெயர் சந்திரிகா. நேர அட்டவணையைத் திறந்ததும் உச்சியில் என் வரி என்னைப் பார்த்தது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, இரவும் பகலும், நிரல் என் பன்னிரண்டு பொய் நோயாளிகளிடம் போய், எல்லோருக்கும் ஏற்கெனவே அனுப்பியாயிற்று என்று கண்டு, நிம்மதியாகத் திரும்பியிருக்கிறது. அது பொய் சொல்லவில்லை. பார்த்த இடத்தில் எதுவும் இல்லைதான்.

வரியை அழிக்கக் கை போனது. ஸக்கியா மிஸ் தடுத்தார்.

"இருங்க. மூணு நாள் பழைய அவசரத்தைச் செய்தியா அனுப்பி, அதை எப்ப படிப்பாங்கன்னு காத்திருக்கவா? அவசரமானதெல்லாம் எத்தனை?"

"ஏழு."

"போனை எடுங்க."

அவர் மடுல்கெல்ல தோட்ட வைத்திய நிலையத்தைப் பிடித்துச் சந்திரிகாவைத் தோட்ட லொறியிலேயே கண்டி பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றச் சொன்னார். மற்ற ஆறு பேருக்கும் நான் எடுத்தேன். தெரியாத எண்ணிலிருந்து ஒரு யாழ்ப்பாணக் குரல் "உங்கட இரத்தம் பற்றிக் கதைக்கவேணும்" என்றால் அந்த ஆண்டில் யார் நின்று கேட்பார்கள்? இரண்டு பேர் வைத்துவிட்டார்கள். ஒரு சிங்கள ஐயா முகவரி கேட்டு எழுதிக்கொண்டார். கடைசியில் மிஸ்ஸே வாங்கிப் பேசினார். ஆறு பேரும் கிடைத்த பிறகுதான், அந்த ஏழு பெயர்களையும் வரிசையிலிருந்து எடுத்துவிட்டு, வரியை அழித்தேன். அடுத்த சுற்றிலேயே நூற்று ஐம்பத்தாறு செய்திகள் போயின. அரை மணியில் தொலைபேசி ஓயாமல் அடித்தது. எல்லாவற்றையும் நான்தான் எடுக்கவேண்டுமென்று டாக்டர் சொல்லிவிட்டார். சிக்னல் பிரச்சினை என்று சொல்லக்கூடாது என்றும் சொன்னார்.

பாலம்மாவை நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வழியில் எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன்.

"அப்ப அந்த மிசின் இத்தன நாளா யாருக்குத்தான் அனுப்புச்சு?"

"ஆருக்கும் இல்லை. வியாழக்கிழமை எனக்கு மட்டும் பன்னிரண்டு தரம்."

"உங்களுக்கு என்னங்க வருத்தம்?"

அவர் என் நோயைத்தான் கேட்டாரா, கேலி செய்தாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

சந்திரிகாவுக்கு இரண்டு போத்தல் இரத்தம் ஏற்றினார்கள். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் சிக்கலாகியிருக்கும் என்று வார்ட் டாக்டர் சொன்னதை நான் முழுவதும் கேட்டேன். ஏற்றிய இரத்தத்தில் ஒரு போத்தலுக்கு ஈடாக நான் கொடுக்கலாமா என்று கேட்டேன். தாதி என்னை ஏற இறங்கப் பார்த்து, இரத்தம் கொடுக்க உடல் நிறை போதாது என்று அனுப்பிவிட்டாள்.

அந்த வாரம் நிரலை மாற்றினேன். எந்தத் தரவுத்தளத்தைப் பார்க்கிறது என்பதை ஒவ்வொரு முறையும் திரையில் பெயரோடு காட்டும். வேலை நேரத்தில் இரண்டு மணி நேரம் தொடர்ந்து சைபர் வந்தால் எச்சரிக்கை மணி அடிக்கும். முதல் மணி அடித்தது பௌர்ணமி விடுமுறையான ஒரு போயா தினத்தில். ஆய்வுகூடம் பூட்டு, காவலாளி மட்டும் இருந்தார். விடுமுறை நாட்களை நான் நிரலுக்குச் சொல்லவில்லை.