பதினேழாம் கேள்வியின் மூன்றாவது வரி

திருத்தும் முகாமின் மூன்றாம் நாள் காலை, பதினொரு மணி தேநீர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், கணக்கு டீச்சரின் சிவப்புப் பேனா நின்றுபோனது. மை தீரவில்லை. அவள் கைதான் ஓடவில்லை.

உண்டு உறைவிடப் பள்ளிக்கான நுழைவுத் தேர்வு அது. பத்து வயதுப் பிள்ளைகள் எழுதியது. முன்னே இருந்த விடைத்தாளில் பெயர் இல்லை, ஒரு எண்தான். இடப்பக்கம் சாய்ந்த எழுத்து. பதினேழாம் கேள்விக்குக் கீழே அந்தப் பிள்ளை பென்சிலால் ஒரு கட்டம் போட்டிருந்தது. மூன்று எண்களைப் பெருக்கினால் 72 வரும் வழிகள் எல்லாம் அதில் இருந்தன. 1, 1, 72 முதல் 3, 4, 6 வரை மொத்தம் பன்னிரண்டு. ஒன்றுகூட விடுபடவில்லை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் கூட்டுத்தொகை. அதில் 14 என்று வந்த இரண்டு வரிகளை மட்டும் வட்டமிட்டிருந்தது: 2, 6, 6. அப்புறம் 3, 3, 8.

அதன் கீழே எழுதியிருந்ததைத்தான் டீச்சர் மூன்று தடவை படித்தாள்.

‘எனக்கு இரண்டு விடை வருகிறது. எது சரி என்று கண்டுபிடிக்கக் கேள்வியில் எதுவும் இல்லை. ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது என்று நினைக்கிறேன்.’

விடைக்குறிப்பில் ‘3, 3, 8 – நான்கு மதிப்பெண். வேறு விடை – பூஜ்யம்’ என்று இருந்தது. இரண்டு நாளாக டீச்சர் அதன்படிதான் போட்டுக்கொண்டு வந்தாள். 2, 6, 6 என்று எழுதியவர்களுக்கெல்லாம் முட்டை. ‘ஏன் இத்தனை பேர் தப்புப் பண்றாங்க?’ என்று நேற்று ஒரு தடவை தோன்றியது. அடுத்த தாள் காத்துக்கொண்டிருந்ததால் அந்த நினைப்பை விட்டுவிட்டாள். அச்சான வினாத்தாளை அவள் எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? பதினேழாம் கேள்வி அவளே எழுதியது. அது அந்த அறையில் யாருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது. வினாத்தாள் தயாரித்தவர் யார் என்பது ரகசியம். கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

இப்போது வினாத்தாளைப் பிரித்தாள். நான்காம் பக்கம், அடியில் கடைசிக் கேள்வி.

‘17. ஒரு தாய்க்கு மூன்று பிள்ளைகள்; வயதுகள் முழு எண்கள். மூவரின் வயதையும் பெருக்கினால் 72, கூட்டினால் 14. ஒவ்வொருவரின் வயது என்ன?’

அவ்வளவுதான். அவள் எழுதிக் கொடுத்ததில் ‘வயது என்ன’ என்று கேட்பதற்கு முன்னால் மூன்றாவதாக இன்னொரு வரி இருந்தது: ‘மூத்தவள் மட்டுமே பள்ளிக்குப் போகிறாள், மற்ற இருவருக்கும் பள்ளியில் சேர வேண்டிய ஐந்து வயது இன்னும் ஆகவில்லை.’ அந்த வரி இருந்தால் 2, 6, 6 அடிபட்டுப் போகும். ஆறு வயதுப் பிள்ளை இரண்டு பேர் இருக்கும் வீட்டில் இருவருமே ஐந்தைத் தாண்டியவர்கள். மிச்சம் நிற்பது 3, 3, 8 ஒன்றுதான். அந்த வரியைச் செதுக்கவே அவளுக்கு ஒரு வாரம் பிடித்தது. ‘மூத்தவள்’ என்று மட்டும் போட்டால், இரட்டைப் பிள்ளைகளிலும் ஒருத்தி முதலில் பிறந்தவள்தானே என்று எவராவது மடக்குவார்கள் என்று யோசித்து, ஐந்து வயதை உள்ளே கொண்டுவந்தாள்.

அதை யாரோ வெட்டி எறிந்திருக்கிறார்கள்.

காது மடல் சுட்டது. இரண்டு நாளில் தன் கையாலேயே எத்தனை முட்டை போட்டிருப்போம் என்று எண்ணிப் பார்த்தாள். முப்பதுக்குக் குறையாது. அந்த எண்ணிக்கை கோபமாக மாற அதிக நேரம் ஆகவில்லை.

எழுந்து தலைமைத் திருத்துநரின் மேஜைக்குப் போனாள். அரை மதிப்பெண்ணுக்கு அரை மணி நேரம் வாதாடுகிறவர் என்பதால் அவருக்கு முகாமில் ‘அரை மார்க்’ என்று பெயர்.

“சார், பதினேழாவது கேள்விக்கு ரெண்டு விடை இருக்கு.”

அவர் தலை நிமிரவில்லை. “கீயில ஒண்ணுதானே இருக்கு?”

“கீ தப்பு சார். ரெண்டு, ஆறு, ஆறு பெருக்கிப் பாருங்க. எழுபத்திரண்டு. கூட்டிப் பாருங்க. பதினாலு. இதுல என்ன குறை?”

“டீச்சர், பதினஞ்சு வருஷமா இந்த முகாம் நடத்துறேன். ஆளாளுக்கு ஒரு விடைய ஏத்துக்க ஆரம்பிச்சா வேல முடியுமா? கீயில இருக்கிறதுக்கு மார்க் போடுங்க. இல்லாததுக்குப் போடாதீங்க.”

“நான் ஏற்கனவே திருத்தின கட்டெல்லாம் திரும்ப வேணும்.”

“கட்டி அரக்கு வச்சாச்சு. போய் உக்காருங்க, டீ வருது.”

சுற்றிலும் நாற்பது பேர் பேனாவை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ‘அந்தக் கேள்வி என்னுது’ என்று தொண்டை வரை வந்தது. விழுங்கிவிட்டு வந்து உட்கார்ந்தாள். தேநீர் ஆறி ஆடை கட்டும் வரை அதைத் தொடவில்லை. சாயங்காலம் வரை மற்றக் கேள்விகளை மட்டும் திருத்தினாள். பதினேழுக்கு நேரே இருந்த கட்டங்களை வெறுமையாக விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் கைப்பையை வீசிய வேகத்தில் அது நாற்காலியைத் தாண்டிப் போய் விழுந்தது. அவள் கணவர் முன்னறையில் தையல் மெஷினுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். அவர் தையல்காரர். யார் எந்த மனநிலையில் வருகிறார்கள் என்று செருப்புக் கழற்றும் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்.

“யாரு மேல?”

“ஒரு கணக்கு சொல்றேன். போடுங்க, பாக்கலாம்.” அச்சில் இருந்தபடியே சொன்னாள்.

அவர் வெட்டுத் துணியில் சாக்குக்கட்டியால் எழுதினார். “எழுபத்திரண்டு... சின்னதுல ஆரம்பிப்போம். ரெண்டு போட்டா மிச்சம் முப்பத்தாறு. ஆறாறு முப்பத்தாறு. ரெண்டும் ஆறும் ஆறும் பதினாலு. வந்துடுச்சு! ரெண்டு, ஆறு, ஆறு.” முகமெல்லாம் சிரிப்பு. “என்ன, சரியா?”

“உங்களுக்கு முட்டை.”

“ஏன்? எங்க தப்பு?”

“தப்பே இல்ல. அதான் எனக்குப் பத்திக்கிட்டு வருது.”

முழுக்கதையையும் கேட்ட பிறகு அவர் சாக்குக்கட்டியைக் கீழே வைத்தார். “நீதான் எழுதினேன்னு சொன்னா என்ன ஆகும்?”

“இனிமே கூப்பிட மாட்டாங்க. மெமோ வந்தாலும் வரும்.”

“சொல்லலேன்னா?”

அவள் அடுக்களைக்குப் போய்ப் பாத்திரங்களை உருட்டினாள். நேராகப் பதினேழாம் கேள்வியைப் பார்த்து, முதலில் கைக்கு வந்த சரியான விடையை எழுதிவிட்டு நிம்மதியாக மணிக்காகக் காத்திருந்த முப்பது பிள்ளைகள் கண்ணுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

மறுநாள் காலை அவள் தன் இடத்துக்குப் போகவில்லை. நேராக அரை மார்க்கின் மேஜைக்குப் போய், அவள் எழுதிக் கொடுத்த மூலப் பிரதியின் நகலை அவர் முன்னால் வைத்தாள்.

“இது என் கேள்வி. நான் எழுதினது. மூணாவது வரிய யாரு எடுத்தது?”

அவர் காகிதத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி காகிதத்தைப் பார்த்தார்.

“இத வெளிய சொல்லக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியும்ல?”

“தெரியும். யாரு எடுத்தது?”

“நாந்தான். பரிசீலனைக்கு எங்கிட்டதான் வந்துச்சு. நாலு பக்கத்துக்குள்ள அடங்கணும். அந்த வரியோட சேத்தா கேள்வி அஞ்சாம் பக்கத்துக்குப் போயிடுச்சு. அது வெறும் கதைதானே டீச்சர்? பள்ளிக்கூடம் போறா, போகலன்னு. எண் இருக்கிற வரி எல்லாம் அப்படியேதான் வச்சிருக்கேன்.”

“அந்த வரியிலயும் எண் இருக்கு சார். அஞ்சு வயசுன்னு! படிச்சீங்களா, இல்ல அளவு மட்டும் பாத்து வெட்டினீங்களா?” அவள் குரல் உயர்ந்தது. உயரட்டும் என்று விட்டாள். “என் வரிய வெட்டினீங்க. அந்த வரியால கிடைச்ச விடைய மட்டும் பத்திரமா எடுத்துக் கீயில வச்சீங்க. வெட்டினதுக்கு அப்புறம் ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, நீங்களே கணக்கப் போட்டுப் பாத்தீங்களா?”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அது அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. மன்னிப்பாவது கேட்கலாம், மறுப்பாவது சொல்லலாம். மனிதர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மதியம் தேர்வு அதிகாரியம்மா வந்தார். டீச்சர் கரும்பலகையில் பன்னிரண்டு வழிகளையும் எழுதிக் காட்டினாள். கூட்டினால் 14 வரும் இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு போட்டு, “இந்தக் கோட்டத்தான் சார் அழிச்சிட்டாரு” என்றாள். அதிகாரியம்மா தானே ஒரு துண்டுத் தாளில் பெருக்கிக் கூட்டிப் பார்த்துக்கொண்டார். அதில் டீச்சருக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது. அடுத்த நிமிடமே அது போயிற்று.

“சரி, கேள்வி தப்பு. எல்லாருக்கும் நாலு மார்க் போட்டுடலாம். பிரச்சன முடிஞ்சுது.”

“முடியாது மேடம்.”

“என்னம்மா, அதுக்கும் கோவமா?”

“ஒண்ணுமே எழுதாம விட்டவனுக்கும் நாலு, பன்னிரண்டையும் தேடிப் பிடிச்சு, ‘ஒரு வரிய விட்டுட்டீங்க’ன்னு நமக்கே சொல்லிக் கொடுத்த பிள்ளைக்கும் நாலா? எல்லாருக்கும் குடுத்தா யாருக்குமே குடுக்காத மாதிரிதான். அந்தக் கேள்வியே இல்லாமப் போயிடும். ரெண்டுல எத எழுதியிருந்தாலும் சரி, ரெண்டையும் எழுதியிருந்தாலும் சரி, அவங்களுக்கு மட்டும் நாலு. மத்தவங்களுக்கு இல்ல.”

“அப்படின்னா எல்லாக் கட்டையும் பிரிக்கணுமே?”

“பிரிப்போம். நான் உக்காந்து பிரிக்கிறேன்.”

அதிகாரியம்மா நெடுநேரம் தொலைபேசியில் பேசினார். நான்கு மணிக்கு, பலகையில் புதிய விடைக்குறிப்பு ஏறியது. ஏறக்குறைய டீச்சர் சொன்னபடியேதான். அரக்கை உடைக்கும் வேலை தொடங்கியது. முணுமுணுத்துக்கொண்டேதான் எல்லோரும் கட்டுகளைப் பிரித்தார்கள். “இன்னும் ரெண்டு நாள் இழுக்குமே” என்று சலித்துக்கொண்டார் பக்கத்து மேஜைக்காரர். அவள் முறைத்த முறைப்பில் பாதியிலேயே வாயை மூடிக்கொண்டார்.

2, 6, 6 என்ற விடைக்குத் தான் முட்டை போட்ட தாள்களைத் தேடித் தேடி எடுத்தாள். முப்பத்து நான்கு. ஒவ்வொன்றிலும் பூஜ்யத்தை அடித்து, நான்கு போட்டு, பக்கத்தில் கையெழுத்திட்டாள். சாய்ந்த எழுத்துத் தாளில் நான்கு போட்டபோது அதற்குமேல் ஏதாவது எழுத வேண்டும் போல இருந்தது. விடைத்தாளில் திருத்துபவர் ஒன்றும் எழுதக் கூடாது. அந்தத் தாள் அந்தப் பிள்ளையின் கைக்குத் திரும்பிப் போகவும் போகாது. பேனாவை மூடினாள்.

மூன்று வாரம் கழித்துத் தேர்வு அலுவலகத்திலிருந்து அவளுக்குக் கடிதம் வந்தது. ரகசியம் காக்கத் தவறியதால் இனி வினாத்தாள் தயாரிப்பிலோ திருத்தும் பணியிலோ தாங்கள் ஈடுபடுத்தப்பட மாட்டீர்கள் என்று எழுதியிருந்தது. வெட்டியவரைப் பற்றி ஒரு சொல் இல்லை. அடுத்த ஆண்டு முகாமையும் அவரே நடத்துகிறார் என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டார்கள்.

கணவர் கடிதத்தைப் படித்துவிட்டு, “வருத்தமா இருக்கா?” என்று கேட்டார்.

“வருத்தமா? எனக்கா?” என்று கேட்டுவிட்டு, அவள் மேஜை இழுப்பறையைத் திறந்து வெள்ளைத்தாள் எடுத்தாள். புதிய குறிப்பின்படி எத்தனை பிள்ளைகளின் மதிப்பெண் மாறியது, அதில் எத்தனை பேருக்கு அதனாலேயே இடம் கிடைத்தது, மூன்றாவது வரியை நீக்கியவருக்கு என்ன கடிதம் போயிருக்கிறது என்று மூன்று கேள்வி எழுதித் தேர்வு அலுவலகத்துக்கு அனுப்பினாள். பதில் வரவில்லை. அடுத்த மாதம் அதே மூன்றையும் மறுபடி எழுதினாள், இந்தத் தடவை பதிவுத் தபாலில்.