துணிக்கடைக்கு மட்டும் கொடுத்த முகவரி

நஜீபா ஒவ்வொரு கடைக்கும் ஒரு மெயில் முகவரி வைத்திருந்தாள். தன் பெயர், கூட்டல் குறி, அடுத்துக் கடையின் பெயர். எல்லாம் அவளுடைய ஒரே மெயிலுக்கு வந்து, கடைவாரியாகப் பிரிந்து விழும். காரைக்கால் துணிக்கடைக்குக் கொடுத்த முகவரிக்குக் கடன் விளம்பரங்களாக வந்து குவிந்ததும், நேரே கடைக்கே போய்விட்டாள்.

"எத்தனை எடத்துல மெயில் குடுத்திருப்பீங்க? எங்களைச் சொன்னா எப்படிங்க?" என்றார் முதலாளி.

அவள் போனை நீட்டினாள். "யாருக்கு வந்திருக்குன்னு படிங்க. உங்க கடைப் பேரு இருக்குல்ல? இதை உங்களுக்கு மட்டும்தான் குடுத்தேன்."

அவர் வாடிக்கையாளர் மெயில் எழுதும் நோட்டை எடுத்து வைத்தார். "வேற மெயில் எழுதிட்டுப் போங்க, மாத்திடுறோம்."

அவள் நோட்டை இழுத்தாள். பில்லில் அச்சடித்திருந்த முதலாளியின் சொந்த மெயில் முகவரியைப் பார்த்து, அதையே தன் பெயருக்கு நேராக எழுதிவிட்டு வந்தாள்.