கடைசிப் பத்து நிமிடம்

"அவளை வெளியே எடுக்காதே தூருன். இந்த ஒரு தடவை மட்டும் எடுக்காதே."

எஸ்கில் மைதானத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னான். துணைக் கோச் என்று பெயர். ஆனால் ஏப்ரலிலிருந்து அவன் செய்த ஒரே துணை, பந்துகள் திணித்த பையைக் காரிலிருந்து இறக்கி வைப்பதுதான். மழை சாய்வாக அடித்தது. செயற்கைப் புல்லின் கறுப்பு ரப்பர்த் துகள்கள் அவன் ஷூ முழுக்க ஒட்டியிருந்தன.

தூருன் கையிலிருந்த போனைப் பார்த்தாள். ஆட்டம் தொடங்கி நாற்பத்தொன்பது நிமிடம் ஓடியிருந்தது. இரண்டு அணிக்கும் தலா இரண்டு கோல். எதிரே பெற்றோர்கள் குடைக்குள் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

"முறைன்னா முறைதான்," என்றாள்.

பதினோரு வயதுப் பெண்களின் கால்பந்து அணி. கோலில் நிற்பவளுக்கு வேறெங்கும் ஆடப் பிடிக்காது, அதனால் அவள் மாறுவதில்லை. மிச்சம் ஒன்பது பேர். களத்தில் அவளைத் தவிர ஆறு பேருக்குத்தான் இடம். தூருன் ஒன்பதையும் மும்மூன்றாகப் பிரித்திருந்தாள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு மூவர் வெளியே வருவார்கள், உட்கார்ந்திருந்த மூவர் உள்ளே போவார்கள். அறுபது நிமிட ஆட்டத்தில் எல்லோருக்கும் நாற்பது நிமிடம். நன்றாக ஆடுபவளுக்கும் அதுதான், பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்பவளுக்கும் அதுதான். கிளப் கேட்டது அதைத்தான். அதை இவ்வளவு சுத்தமாகச் செய்த கோச் தான் ஒருத்திதான் என்று அவளுக்குள் ஒரு பெருமை இருந்தது. வெளியே சொன்னதில்லை.

இப்போது வெளியே வர வேண்டியது எஸ்கிலின் மகள் இல்வாவும் அவளோடு இருந்த இருவரும். அணியின் இரண்டு கோலும் இல்வா போட்டவை. உள்ளே போக வேண்டியது தூருனின் மகள் வில்டேயின் மூவர். வில்டே ஜாக்கெட்டைக் கழற்றிப் பெஞ்சில் போட்டுவிட்டுக் கோட்டருகே குதித்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா ஆடறவளை எடுத்துட்டுத் தோத்துப்போறதுதான் உன் நியாயம்," என்றான் எஸ்கில்.

"இல்வாவுக்கு ஒரு நிமிஷம் குறைஞ்சிருக்கா? சொல்லு."

"குறையல."

"அப்புறம் என்ன?"

அவன் இப்போது திரும்பினான். மழையில் கண்ணாடி மங்கியிருந்தது, கழற்றித் துடைக்கவில்லை.

"கடைசி விசில் அடிக்கும்போது என் பொண்ணு உள்ளே இருந்த ஒரே ஒரு மேட்சைச் சொல்லு பார்ப்போம், கோச்சம்மா."

தூருன் பழைய ஆட்டங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"உன் பொண்ணு வெளியே இருந்த ஒரு மேட்ச்? ஆரம்பத்துலயோ கடைசியிலயோ? ஒண்ணு போதும்."

அவன் குரல் உயரவே இல்லை. அதுதான் மோசமாக இருந்தது. கத்தியிருந்தால் அவளும் கத்தியிருப்பாள்.

உட்காரும் வரிசையை அவள் வசந்தத்தில் ஒருமுறை போட்டதோடு சரி, பிறகு மாற்றவே இல்லை. முதல் மூவர், வில்டேயின் மூவர், இல்வாவின் மூவர். இடைவேளைக்குப் பிறகு மறுபடி அதே வரிசை. அப்படியானால் கடைசிப் பத்து நிமிடம் எப்போதும் இல்வாவின் மூவருக்குத்தான் பெஞ்சு. முதல் மூவர் ஒவ்வொரு ஆட்டத்தையும் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்த்துத்தான் தொடங்குகிறார்கள். நடுவில் இருப்பவர்கள் மட்டும் விசிலோடு தொடங்கி விசிலோடு முடிக்கிறார்கள். நிமிடங்களைக் கூட்டினால் எல்லாம் சமம்.

தெரியாமல் செய்ததா? தூருன் தன்னையே உற்றுப் பார்த்தாள். போன வருடம் வில்டே ஓர் ஆட்டத்தின் தொடக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து அழுதது நினைவுக்கு வந்தது. ஜெயித்தபின் கட்டிப்பிடிக்கும் கும்பலின் ஓரத்தில், யாரைக் கட்டிப்பிடிப்பது என்று தெரியாமல் நின்றதும். வரிசை போட்ட அன்று அது மனதில் இருந்ததா? இல்லை என்று சொல்ல முடிந்தால் நன்றாக இருக்கும். அன்று அவள் எதையும் யோசிக்கவில்லை. யோசிக்காமலே கை மகளை நடுவில் வைத்துவிட்டது.

"ஐம்பது ஆச்சு," என்றான் எஸ்கில். "நியாயவாதி என்ன பண்ணப் போறே?"

என்ன செய்தாலும் யாருக்காவது குறையும். இல்வாவின் மூவரை உள்ளேயே விட்டால், வில்டேயோடு இன்னும் இரண்டு பெண்கள் இருபது நிமிடம் தொடர்ந்து உட்கார வேண்டும். முதல் மூவரை எடுத்தால் அவர்களுக்கு முப்பதுதான். இத்தனை மாதம் தான் செய்த பிழையை இந்தப் பத்து நிமிடத்தில் சரிக்கட்ட வழியில்லை. அடுத்த ஆட்டத்திலிருந்து வரிசையைச் சுற்றி விடுகிறேன், இன்று முறைப்படியே போகட்டும் என்று சொல்லியிருக்கலாம். அதுதான் சரி என்று அவளுக்கு அப்போதே தெரிந்தது.

ஆனால் எஸ்கில் பார்த்துக்கொண்டிருந்தான்.

பந்து வெளியே போனதும் அவள் கையை உயர்த்தினாள். "இல்வா உள்ளயே இரு! மத்த ரெண்டு பேரும் வெளியே வாங்க. வில்டே, நீ உட்காரு."

வில்டே குதிப்பதை நிறுத்தினாள். "என் டர்ன்மா."

"தெரியும். உட்காரு."

"நான் என்ன பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல. உட்காருன்னா உட்காரு!"

வில்டேயின் மூவரில் மற்ற இருவரும் உள்ளே ஓடினார்கள். வெளியே வந்த இருவரில் ஒருத்தி மேல்சட்டையின் மழைத்தண்ணீரைப் பிழிந்தபடி, "அப்போ நாங்க மட்டும் ஏன்?" என்று கேட்டாள். தூருன் காதில் விழாததுபோல் போனைப் பார்த்தாள். எதிர்ப்பக்கம் யாரோ கைதட்டினார்கள். நல்ல முடிவு என்று நினைத்தார்கள் போல.

ஐம்பத்தேழாவது நிமிடத்தில் இல்வா மூன்றாவது கோலைப் போட்டாள். விசில் அடித்ததும் எல்லோரும் அவள்மேல் விழுந்தார்கள். வெளியே இருந்த இருவரும்கூட ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டார்கள். வில்டே மட்டும் ஜாக்கெட் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

எஸ்கில் பந்துகளைப் பையில் திணித்தான்.

"இப்ப திருப்தியா?" என்றாள் தூருன்.

"எனக்கு எதுக்குத் திருப்தி? உன் பொண்ணை உட்கார வைன்னு நான் கேட்டேனா?" பையின் வாயை இழுத்துக் கட்டினான். "நீ சுத்தம்னு எனக்குக் காட்டணும். அதுக்கு அவளை எடுத்துப் போட்டுட்டே. அதுவும் உன் பொண்ணை வெச்சு உனக்காகப் பண்ணினதுதான்."

"உன் பொண்ணு ஐம்பது நிமிஷம் ஆடினா. அதைச் சொல்ல வாய் வரலையே!"

"வரல," என்றான். "வேண்டாம்னு சொல்ல நான் என்ன முட்டாளா?" பையைத் தோளில் போட்டுக்கொண்டு இல்வாவைக் கூப்பிடப் போனான்.

காரில் வில்டே பின்சீட்டில் ஏறினாள். எப்போதும் முன்னால் உட்காருவதற்குச் சண்டை போடுபவள்.

"வரிசையை நான் தப்பாப் போட்டுட்டேன்," என்றாள் தூருன். "நீ எப்பவுமே ஆரம்பத்துலயும் கடைசியிலயும் உள்ளே இருந்தே. மத்தவங்களுக்கு அது கிடைக்கல. நான் கவனிக்கல."

"அது எனக்கு எப்பவோ தெரியும்."

தூருன் கண்ணாடியில் அவளைப் பார்த்தாள். "தெரியுமா? ஏன் சொல்லல?"

"நீ எனக்காகப் பண்றேன்னு நெனச்சேன்." வில்டே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "எனக்கு முப்பது நிமிஷம்தான். இல்வாவுக்கு ஐம்பது. அந்தப் பத்து நிமிஷத்தை எப்ப தருவே?"

"அடுத்த மேட்ச்ல."

"யார்கிட்டேருந்து எடுத்து?"

தூருன் சாவியைத் திருப்பினாள். வைப்பர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தது. காருக்கு முன்னால் இல்வாவை மற்றப் பெண்கள் தோளில் தூக்கியிருந்தார்கள். காரை எடுக்க அவர்கள் விலகும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

"கேட்டேன்ல? யார்கிட்டேருந்து, அம்மா?"

"தெரியல," என்றாள் தூருன்.

"அப்போ வேற யாரையாவது கோச்சா இருக்கச் சொல்லு," என்றாள் வில்டே.